ஏழு படத்தில் ஒரு விலையேற்றம்

காபிக்கடைக்காரர் விலை ஏத்தறது தப்பே இல்லைங்க. ஏத்திட்டு இன்ஸ்டாகிராமில் ஏழு படம் போட்டு நம்மைக் கண்கலங்க வைக்கப் பார்க்கிறார் பாருங்க, அங்கேதான் இடிக்குது.

பார்த்திருப்பீங்க. விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கிற கரோசல். முதல் படத்தில் "உங்களிடம் மனம் திறந்து...". இரண்டாவதில் காபிக்கொட்டை விலை மேலே போகும் ஒரு அம்புக்குறி. அப்புறம் பால், வாடகை, சம்பளம். ஆறாவதில் "மாறாதவை: எங்கள் தரம், எங்கள் அன்பு, உங்கள் புன்னகை". கடைசியில் ஒரு இதயம். கோயமுத்தூர் கஃபேக்களின் இந்த வழக்கம் இப்போ சத்தி வரைக்கும் வந்தாச்சு. கீழே எல்லோரும் "நேர்மையான பதிவு" என்று கைதட்டுகிறார்கள். ஏழு படத்திலும் தேடிப் பாருங்க, ஒரு கப்புக்கு எத்தனை ரூபாய் செலவு கூடிச்சுன்னு எங்கேயும் இருக்காது.

சொன்ன காரணம் பொய்யா? இல்லை. பிரேசிலில் வறட்சி வந்து, அராபிகா கொட்டையின் சர்வதேச விலை 2024 டிசம்பரில் 1977-ன் பழைய உச்சத்தைத் தாண்டியது. 2025 பிப்ரவரியில் ஒரு பவுண்டு நாலு டாலரையும் தாண்டியது. அதெல்லாம் நிஜம். ஆனா அது கொட்டை மூட்டையின் கதை. நம்ம கையில் இருப்பது ஒரே ஒரு கப். மூட்டையிலிருந்து கப்புக்கு வருவோம்.

ஒரு கப்புச்சினோவுக்கு 18 கிராம் கொட்டை, 150 மில்லி பால் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் வாங்கும் கொட்டை கிலோ 800-லிருந்து 1,100 ஆனது என்றால், 18 கிராமுக்குக் கூடியது 5 ரூபாய் 40 காசு. பால் லிட்டர் 60-லிருந்து 64 ஆனால், 150 மில்லிக்கு 60 காசு. மொத்தம் ஆறு ரூபாய். (எண்கள் நான் போட்டவை. உங்களுக்குத் தெரிந்த கடைக்காரரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்க, கணக்கின் போக்கு மாறாது.)

அப்புறம் ஏன் 120 ரூபாய் காபி 140 ஆகுது? இங்கேதான் படத்தில் வராத விஷயம் இருக்கு. கஃபே நடத்துபவர்கள் பொதுவாக விற்பனை விலையில் சரக்குச் செலவு இத்தனை சதவீதம் என்று ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். 30 சதவீதம் என்று வைப்போம். கொட்டை, பால், சர்க்கரை, கப், மூடி எல்லாம் சேர்ந்து பழைய செலவு 36 ரூபாய். 120-ல் 30 சதவீதம், சரி. இப்போ செலவு 42. அதே 30 சதவீதத்தைக் காப்பாற்றணும்னா விலை 140 ஆகணும். ஆக, செலவு கூடியது ஆறு, விலை கூடியது இருபது. சரக்கு போக முன்பு ஒரு கப்பில் 84 ரூபாய் நின்றது, இப்போ 98 நிற்குது. நம்ம காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் கான்ட்ரிபியூஷன் என்று படிக்கிறோமே, அதேதான். அது 14 ரூபாய் ஏறியிருக்கு.

உடனே "கொள்ளை" என்று நான் கத்தப் போவதில்லை. அந்த 14 ரூபாய் வாடகைக்கும் சம்பளத்துக்கும் தேவைப்படலாம். அப்படியானால் "கொட்டைக்கு ஆறு, வாடகைக்கும் சம்பளத்துக்கும் பதினாலு" என்று எழுதுங்க. பிரேசில் வறட்சி மேல் முழுப்பாரத்தையும் ஏத்தாதீங்க. வாடகைக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மாதம் 45,000 வாடகை, தினம் 100 கப் விற்றால் ஒரு கப்பின் தலையில் 15 ரூபாய். 80 கப்தான் போகுது என்றால் 18 ரூபாய் 75 காசு. வாடகை ஒரு பைசா ஏறலை, கூட்டம்தான் குறைஞ்சிருக்கு. "ஆள் வரவில்லை, அதனால் வருகிறவரிடம் கூடுதலாக வாங்குகிறோம்" என்று ஒரு கரோசல் வந்தால் நான் போய் இரண்டு காபி குடிப்பேன்.

ஆனா என் உண்மையான சண்டை ஆறாவது படத்தோடு. "மாறாதவை".

நம்ம ஊர் பூ மார்க்கெட்டைப் பாருங்க. மல்லிகை சில நாள் சில நூறு ரூபாய், பொங்கல், முகூர்த்தம் வந்தால் ஆயிரக்கணக்கில் போகும். யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை, இதயம் போடுவதில்லை. ஏன்னா விலை என்ன ஆடினாலும் கிலோ கிலோவாகவே இருக்கு. கப்பில் அந்தக் கிலோ எங்கே? "தரம் மாறாது" என்பதை எந்தத் தராசில் வைக்கிறது?

ஆவின் நமக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கு. 2022 நவம்பரில் ஆரஞ்சு பாக்கெட் லிட்டர் 48-லிருந்து 60 ஆச்சு. கொள்முதல் விலையை லிட்டருக்கு மூணு ரூபாய் கூட்டியிருக்கோம், பச்சையும் நீலமும் பழைய விலைதான் என்று அறிவித்தார்கள். ஏறியது இது, மாறாதது இது, எண்ணோடு. மூணு எப்படிப் பன்னிரண்டு ஆச்சு என்று சண்டை போட முடிந்தது, பலர் போட்டார்கள். எண் இருந்ததால்தானே போட முடிந்தது!

அடுத்த வருஷம் நடந்தது வேறு மாதிரி. 2023 நவம்பரில் பச்சை பாக்கெட்டுக்குப் பதிலாக ஊதா நிற 'டிலைட்' என்றார்கள். விலை அதே 44. வைட்டமின் ஏ, டி சேர்த்தது என்றார்கள். ஆனால் பச்சையில் கொழுப்பு 4.5 சதவீதம், ஊதாவில் 3.5. விலை மாறவில்லை, பால் மாறிவிட்டது. கூச்சல் எழுந்தது. பாக்கெட்டில் கொழுப்பு அளவு அச்சடித்திருந்ததால்தான் மக்களால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

கஃபே கப்பில் எதுவும் அச்சடிப்பதில்லை. ஃபில்டர் காபியையே எடுங்க. சிக்கரி கலந்த பொடியில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்கணும், அளவைப் பாக்கெட்டில் போடணும் என்பது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதி. அதனால் 80-க்கு 20 கலவையிலிருந்து 60-க்கு 40-க்கு இறங்கினாலும் பொடி சட்டப்படி சரியே. டிகாக்ஷன் இன்னும் கறுப்பாகத் தெரியும், பலர் "ஸ்ட்ராங்கா இருக்கு" என்று பாராட்டவும் செய்வார்கள். வாசனை குறைந்து, நாக்கில் காபிக் கசப்பு போய் ஒரு கருகிய இனிப்பு நிற்கும், அதுதான் அடையாளம். டம்ளர் விஷயம் இன்னும் எளிது. அடி தடித்த டம்ளர் வந்தால் 120 மில்லி 100 ஆகிவிடும், உயரம் அப்படியே இருக்கும்.

ஆகவே ஆறாவது படம் இப்படி இருக்கட்டும்: "மாறாதவை: 18 கிராம் கொட்டை, 150 மில்லி பால், ஃபில்டர் காபிப் பொடி 80-க்கு 20, டம்ளர் 120 மில்லி." புன்னகை எங்கள் பொறுப்பு, நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

ஏழாவது படத்தில் இதயத்தை எடுத்துவிட்டு, செலவு இறங்கினால் என்ன செய்வீங்கன்னு எழுதுங்க. ஏறும்போது போடுகிற அம்புக்குறி இறங்கும்போது வருவதே இல்லை. வணிக காஸ் சிலிண்டர் விலை 2025 ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஆறு மாதம் தொடர்ந்து குறைந்தது. அந்த செப்டம்பர் 1-ஆம் தேதிதான் சென்னை டீக்கடைகளில் டீ 12-லிருந்து 15, காபி 15-லிருந்து 20 ஆச்சு. பாலும் தூளும் ஏறியதைச் சொன்னார்கள். அதே நாளில் சிலிண்டருக்கு 51 ரூபாய் 50 காசு குறைந்ததை எந்த விலைப்பட்டியலிலும் நான் பார்க்கவில்லை.