மூன்று ஏயும் மூன்று எஸ்ஸும்

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாட்களில் பிள்ளைகளின் கைபேசிகளுக்கு ஓய்வே இல்லை. "உனக்கு என்ன வந்தது?" என்ற கேள்விதான் முதலில் வரும். வாழ்த்து அதன் பிறகுதான். இந்தக் கேள்வியைக்கூடக் கேட்காமல் தோழியின் சுட்டெண்ணைப் போட்டு, அவளுடைய பெறுபேற்றை அவளுக்கு முன்னரே பார்த்துவிடுகிறவர்களும் உண்டு. சுட்டெண் தெரிந்தால் யாரும் பார்க்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அவள் வாயால் சொல்ல வேண்டிய செய்தியை நாம் முந்திக்கொண்டு பார்த்துவிட்டால், பிறகு என்ன வாழ்த்துச் சொன்னாலும் அது அவளுக்கு இனிக்காது. அவள் சொல்லும்வரை காத்திருப்பதுதான் முறை. ஒருநாள் பிந்தினால் வாழ்த்து புளித்துப் போகாது, சகோதரிகளே.

என் பெறாமகளும் அவளுடைய சிநேகிதியும் வணிகப் பிரிவில் ஒன்றாகப் படித்தவர்கள். கணக்கீடு, பொருளியல், வணிகக்கல்வி மூன்றுக்கும் ஒரே ரியூஷன், ஒரே வாங்கு. பெறாமகளுக்கு முதல் தடவையிலேயே மூன்று ஏ. சிநேகிதி அதற்கு முதல் வருடமும் எழுதியவள். அப்போது கணக்கீட்டில் எஃப் வந்தது. இது அவளுக்கு இரண்டாம் தடவை. இம்முறை மூன்று பாடத்திலும் எஸ்.

பெறாமகள் சிநேகிதிக்கு அனுப்புவதற்கென்று ஒரு செய்தி எழுதி, அனுப்ப முன்னர் என்னிடம் காட்டினாள். "பரவாயில்லையடி, பாஸ் பண்ணிட்டாய்தானே, கவலைப்படாதே" என்று இருந்தது.

"பிள்ளை, அவள் கவலைப்படுறாள் என்று உனக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"இல்லை சின்னம்மா, மூன்றும் எஸ்தானே..." என்று இழுத்தாள்.

இந்தப் 'பரவாயில்லை' என்ற சொல்லை நான் வாழ்த்தில் சேர்ப்பதில்லை. குறை நடந்த இடத்தில்தான் நாம் பரவாயில்லை என்போம். தேநீர் கொட்டினால் பரவாயில்லை. பஸ் தவறினால் பரவாயில்லை. சித்தியடைந்தவளிடம் அதைச் சொன்னால், உன்னுடையது ஒரு குறை, நான் பொறுத்துக்கொள்கிறேன் என்றுதான் அவள் காதில் விழும்.

எஃப்புக்கும் எஸ்ஸுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் பலர் அறிவதில்லை. அவர்களுக்குப் பெரிதாகத் தெரிவது பிக்கும் ஏக்கும் உள்ள தூரம்தான். ஆனால் வாழ்க்கையில் கதவைத் திறப்பதும் மூடுவதும் எஃப்புக்கும் எஸ்ஸுக்கும் இடையிலுள்ள கோடுதான். மூன்று பாடங்களிலும் எஸ்ஸாவது இருந்து, பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியும் இருந்தால்தான் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கவே தகுதி. அரசாங்கத்தில் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் போட்டிப் பரீட்சை எழுதுவதற்கும் உயர்தரத்தில் எல்லாப் பாடங்களையும் ஒரே தடவையில் சித்தியடைந்திருக்க வேண்டும். வர்த்தமானியில் 'ஒரே தடவையில்' என்று வரும் அந்தச் சொல்லுக்காகவே, கணக்கீட்டில் தவறியவள் மற்ற இரண்டு பாடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டி வருகிறது. அந்தச் சிநேகிதி அதைத்தான் செய்திருந்தாள். பெறுபேற்றுத் தாளில் தெரிவது ஒரு எஸ். அதற்குப் பின்னால் இருப்பது, கூடப் படித்தவர்கள் எல்லாரும் போன பிறகு தன்னிலும் வயது குறைந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து ஐந்தொகையைத் திரும்பத் திரும்பச் சமப்படுத்திய ஒரு வருடம்.

இதையெல்லாம் சொன்ன பிறகு பெறாமகள் பழைய செய்தியை அழித்துவிட்டு எழுதினாள்: "கணக்கீட்டைத் தாண்டிட்டாய்! அந்த எஃப் போயிட்டுது. பங்குடைமைக் கணக்கோட நீ மாரடிச்சதை நான் பக்கத்தில இருந்து பார்த்தனான். சந்தோசமா இருக்கடி." அவ்வளவுதான். அதில் ஆறுதல் இல்லை, அறிவுரை இல்லை. இன்ன பாடத்தில் இன்னது செய்தாய், நான் கண்டேன் என்பது மாத்திரமே இருந்தது.

'இனி நீயும் கம்பஸ் போகலாம்' என்று சேர்க்கவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். விண்ணப்பிக்கத் தகுதி இருப்பது வேறு, இடம் கிடைப்பது வேறு. மூன்று எஸ் எடுத்த பிள்ளைக்கு அது தெரியும். தெரிந்தவளிடம் பொய் நம்பிக்கை சொன்னால், நாம் அவளுடைய பெறுபேற்றைச் சரியாகப் பார்க்கவேயில்லை என்று நினைப்பாள்.

வேடிக்கை என்னவென்றால், அதே வார்த்தை மூன்று ஏ எடுத்த பெறாமகளையும் குத்தியது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும், "பிறகென்ன, கம்பஸ்தான், பீஸ் கட்டத் தேவையில்லை, அம்மாவுக்கு நிம்மதி" என்றார்கள். அவளோ சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். காரணம் இசட் புள்ளி.

2001ஆம் ஆண்டு அனுமதியிலிருந்து பல்கலைக்கழகத் தெரிவு இந்தப் புள்ளியை வைத்துத்தான் நடக்கிறது. ஒரு பாடத்தை எழுதிய எல்லாருடைய சராசரியிலிருந்தும் ஒருவர் எவ்வளவு மேலே நிற்கிறார் என்பதையே அது அளக்கிறது. ஓர் உதாரணத்துக்குச் சொல்கிறேன். ஒரு பாடத்தில் சராசரி 45, புள்ளிகளின் பரவல் 15 என்று வைப்போம். அதில் 75 எடுத்தவர் சராசரியிலிருந்து 30 மேலே. முப்பதைப் பதினைந்தால் பிரித்தால் இசட் புள்ளி 2. இன்னொரு பாடத்தில் சராசரி 60, பரவல் 10. அதிலும் 75 எடுத்தால் 15ஐப் பத்தால் பிரித்து 1.5தான். தாளில் இரண்டுமே ஏ. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளுடைய சராசரிதான் கடைசியில் கணக்கில் வரும். ஆகவே மூன்று ஏ எடுத்த இருவர் வெவ்வேறு நிலையில் நிற்கலாம். இதற்கு மேல், வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், கற்கைநெறிக்குக் கற்கைநெறி வேறு. அது பெறுபேற்றோடு வருவதில்லை, மாதக்கணக்கில் பிந்தித்தான் வரும். அதுவரை அந்தப் பிள்ளைக்குத் தான் விரும்பிய துறை கிடைக்குமா என்பது தெரியாது.

எனவே நன்றாகச் செய்த தோழியிடமும் கையில் இருப்பதற்கு மட்டும் வாழ்த்துச் சொன்னால் போதும். "மூன்று ஏ! பொருளியல் கட்டுரை வராது என்று அழுதாயே, அதிலும் ஏயா?" என்றால் அவள் முகம் மலரும். மாவட்ட நிலை என்ன, இசட் எத்தனை என்று தசம எண்வரை கேட்டு, உடனே பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது வாழ்த்து அல்ல, விசாரணை.

ஒரு ஏ குறைந்ததால் மருத்துவபீடம் கைநழுவிவிடும் என்று அழுதுகொண்டிருக்கும் பிள்ளையும் இருப்பாள். இரண்டு ஏ, ஒரு பி என்பது ஊருக்குப் பெரிய பெறுபேறு. அவளுக்கு அன்று அப்படியல்ல. அவளிடம் முதலில், "நீ எதிர்பார்த்ததா வந்தது?" என்று கேளுங்கள். இல்லை என்றால் வாழ்த்தை வைத்துக்கொண்டு, அவள் பேசுவதைக் கேளுங்கள். மீள்பரிசீலனைக்குப் போடப் போகிறாளா, திரும்ப எழுதப் போகிறாளா என்பதெல்லாம் அவள் முடிவெடுத்த பிறகு பேசலாம்.

அன்று பின்னேரம் சிநேகிதியிடமிருந்து பதில் வந்தது. "உன்ர மூன்று ஏக்கு நான் இன்னும் வாழ்த்தே சொல்லேல்லை" என்று தொடங்கியிருந்தாள். பெறாமகள், "எனக்கென்ன, ஏதோ லக்" என்று எழுதப் போனாள். அதையும் தடுத்தேன். மூன்று எஸ் எடுத்தவள் மனம்விட்டு வாழ்த்தும்போது நமது பெறுபேற்றை நாமே தாழ்த்தினால், அவளுக்காகத்தான் தாழ்த்துகிறோம் என்பது அவளுக்கு உடனே விளங்கும். பெறாமகள், "தாங்ஸ் அடி, எனக்கும் நல்ல சந்தோசம். நாளைக்கு வா, அம்மா ரொட்டி சுடுறா" என்று அனுப்பினாள். மறுநாள் வந்த சிநேகிதி தன் பெறுபேற்றுத் தாளின் அச்சுப் பிரதியை மடிக்காமல் ஒரு கோப்புறைக்குள் வைத்துக் கொண்டு வந்திருந்தாள்.