ஆண்டுக்கு ஒரு சதவீதம், முப்பது ஆண்டுக்கு எவ்வளவு?

ஒரே மியூச்சுவல் ஃபண்ட் திட்டம் நம் நாட்டில் இரண்டு விலையில் கிடைக்கிறது. முகவர் வழியாக வாங்கினால் ரெகுலர் பிளான்; செபி உத்தரவுப்படி 2013 ஜனவரியில் வந்த டைரக்ட் பிளானை ஃபண்ட் நிறுவனத்திடமே வாங்கலாம். நிர்வகிப்பவரும் ஒருவரே, பங்குகளும் அவையே. ரெகுலர் பிளானின் செலவு விகிதத்தில் முகவரின் கமிஷனும் அடக்கம் என்பதால், பங்குத் திட்டங்கள் பலவற்றில் அது அரை முதல் ஒரு சதவீதம் வரை கூடுதலாக இருக்கும். இந்தச் செலவை நாள்தோறும் கழித்துக்கொண்ட பிறகுதான் என்ஏவியை அறிவிக்கிறார்கள். யாருக்கும் பில் வருவதில்லை. அதனால் வலிப்பதும் இல்லை.

மாதம் 10,000 ரூபாய் வீதம் முப்பது ஆண்டுகள் எஸ்ஐபி போடுகிறவரை எடுத்துக்கொள்வோம். போட்ட பணம் 36 லட்சம். செலவுக்கு முன் ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ச்சி என்று கொண்டால், ஒரு சதவீதச் செலவுள்ள டைரக்ட் பிளானில் ஏறக்குறைய 2.51 கோடி சேரும். இரண்டு சதவீதச் செலவுள்ள ரெகுலர் பிளானில் 2.06 கோடிதான். போன 45 லட்சம், அவர் போட்ட மொத்தப் பணத்தைவிட அதிகம். காரணம் எளிது: கட்டணம் லாபத்தின் மீது அல்ல, சேர்ந்த மொத்தத் தொகையின் மீது பிடிக்கப்படுகிறது. முதலாண்டில் அந்தக் கூடுதல் ஒரு சதவீதம் சில நூறு ரூபாய்தான். முப்பதாவது ஆண்டிலோ ஏறக்குறைய இரண்டு லட்சம். அந்த ஆண்டு முழுக்க அவர் போடும் 1.2 லட்சத்தையே அது மிஞ்சிவிடுகிறது. சந்தை விழுந்து நஷ்டம் வந்த ஆண்டிலும் இந்தப் பிடித்தம் நிற்பதில்லை.

திறமையான மேலாளர் அதற்கு மேல் ஈட்டித் தரமாட்டாரா என்று கேட்கலாம். சிலர் தருவார்கள். ஆனால் பொருளாதார அறிஞர் வில்லியம் ஷார்ப் 1991இல் சுட்டிக்காட்டிய கணக்கு அசையாதது: எல்லா முதலீட்டாளர்களும் சேர்ந்ததுதான் சந்தை, ஆகவே செலவுக்கு முன் அவர்களின் சராசரி சந்தையின் சராசரியே, செலவைக் கழித்தால் அதற்குக் கீழே. வெல்லப்போகிறவர் யார் என்பது முன்கூட்டித் தெரியாது, கட்டணம் தெரியும். மேலும், இங்கே ஒப்பிடுவது ஒரே மேலாளரின் இரு பிளான்களை என்பதால் இந்தக் கேள்வி டைரக்டுக்கு எதிராக நிற்காது.

முகவரின் ஆலோசனைக்கு மதிப்பில்லையா என்ற கேள்விதான் கனமானது. 2020 மார்ச் சரிவில் பதறி விற்கவிருந்தவரைத் தடுத்த முகவர், தம் கமிஷனுக்கு மேலாகவே சம்பாதித்துக் கொடுத்தார். ஆனால் தொகை பத்து மடங்கானால் கமிஷனும் பத்து மடங்காகிறது, அவர் வேலை அப்படிப் பெருகுவதில்லை. செபியில் பதிவுபெற்ற ஆலோசகருக்கு நிலையான கட்டணம் கொடுத்து, டைரக்டில் போடுவது பெரிய தொகைக்கு நியாயமான வழி. முகவருக்குப் போன கமிஷன், அரையாண்டுக்கு ஒருமுறை வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில் ரூபாயிலேயே இருக்கும். முடிவெடுக்கும் முன் அதைப் பார்க்க வேண்டும்.

மாறுவதற்கும் செலவுண்டு. ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாற்றுவது வரிச் சட்டத்தின் பார்வையில் விற்பனை. பங்குத் திட்டத்தில் ஓராண்டு தாண்டிய யூனிட்டுகளின் லாபம் ஒரு நிதியாண்டில் 1.25 லட்சத்தைக் கடந்தால், மிகைக்கு 12.5 சதவீத வரி. ஆகவே புதிய தவணைகளை உடனே டைரக்டுக்குத் திருப்பிவிட்டு, பழைய யூனிட்டுகளை அந்த வரம்புக்குள் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவதே நல்லது.