தேவதானப்பட்டி காமாட்சி அம்மனுக்கு ஆன்லைனில் முன்பதிவு: முதல் முறையா? இதைக் கவனிங்க!

தேனி மாவட்டம், தேவதானப்பட்டி மூங்கிலணை காமாட்சி அம்மன் கோயிலில் கருவறைக் கதவு திறக்கப்படுவதில்லை. மூடிய கதவுக்குத்தான் பூஜை. எனவே, சிறப்பு தரிசனம் என்றாலும் அம்மனை நேரில் பார்க்கலாம் என நினைத்துப் பணம் கட்ட வேண்டாம்.

முன்பதிவு செய்வது எப்படி?

இந்து சமய அறநிலையத் துறையின் hrce.tn.gov.in தளத்துக்குச் சென்று, இ-சேவைகள் பகுதியைத் திறக்கவும். காமாட்சி அம்மன் பெயரில் பல கோயில்கள் இருப்பதால், மாவட்டம் தேனிதானா, ஊர் தேவதானப்பட்டிதானா என்று பார்த்த பிறகே கோயிலைத் தேர்வு செய்யவும். பட்டியலில் உள்ள சேவைகளுக்கு மட்டுமே பதிவு செய்ய முடியும். நீங்க தேடும் நேர்த்திக்கடன் அதில் இல்லையென்றால், கோயில் அலுவலகத்தில் கேட்பதே வழி.

தேதி, பெயர், செல்போன் எண் கொடுத்துப் பணம் செலுத்தியதும் வரும் ரசீதைச் சேமித்து வையுங்க. கவுன்ட்டரில் காட்ட வேண்டியது அதைத்தான்.

பணம் போயிடுச்சு, ரசீது வரலையா?

உடனே மறுபடியும் கட்டாதீங்க, இருமுறை பணம் பிடிக்கப்படலாம். வங்கிக் குறுஞ்செய்தியில் உள்ள பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, கோயில் அலுவலகத்தில் விசாரியுங்க.

போலித் தளமா என்று அறிய, முகவரியைப் பாருங்க. அரசுத் தளத்தின் பெயர் tn.gov.in என முடியும். வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கில் பணம் கட்ட வேண்டாம்.