ஒன்பது நிமிடப் படத்துக்கு ஆறு நிமிடப் பேச்சா?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, என் பேரன் ஏழாம் வகுப்பு படிக்கும் மும்பைப் பள்ளியில், மாணவர்களே தயாரித்த அனிமேஷன் படங்களை முதன்முறையாகத் திரையிட்டார்கள். மொத்தம் பதினோரு படங்கள். எல்லாம் சேர்ந்து ஒன்பது நிமிடம். அதற்கு முன் அந்த டீச்சர் மைக்கைப் பிடித்து ஆறு நிமிடம் பேசினார். என் பக்கத்தில் இருந்த ஒருவர், "படமே ஒன்பது நிமிஷம், அதுக்கு இவ்வளவு பேச்சா?" என்று அலுத்துக் கொண்டார். அந்த ஆறு நிமிடம் இல்லாவிட்டால் ஒன்பது நிமிடமும் வீணாகியிருக்கும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

டீச்சர் வரவேற்புரை, நன்றியுரை எதிலும் இறங்கவில்லை. இந்தியும் ஆங்கிலமும் கலந்து, எடுத்த எடுப்பில் ஒரு கணக்கைச் சொன்னார். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. குழந்தைகள் 12 புகைப்படம் எடுத்து ஒவ்வொன்றையும் இருமுறை காட்டுகிறார்கள். ஆகவே ஒரு நிமிடத்துக்கு 720 புகைப்படம். ஒன்பது நிமிடத்துக்கு 6,480. ஒவ்வொன்றுக்கும் பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி, கையை எடுத்து, பொத்தானை அழுத்த வேண்டும். "அசைவு கொஞ்சம் விட்டு விட்டுத் தெரியும். அது தவறு அல்ல, எண்ணிக்கை குறைவு, அவ்வளவுதான். நீங்கள் எல்லோரும் பார்த்து வளர்ந்த 'ஏக் அனேக் அவுர் ஏக்தா' 1974-இல் வந்தபோது, அதையும் இப்படித்தான் படம் படமாகச் செய்தார்கள்" என்றார். தூர்தர்ஷன் தலைமுறைப் பெற்றோர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அடுத்து அவர் செய்ததுதான் துணிச்சலான காரியம். முதலில் தோற்றுப்போன ஒரு காட்சியைத் திரையில் போட்டார். அது என் பேரனும் அவன் நண்பர்கள் மூவரும் செய்த அட்டை ரயில். நிலையத்தில் நின்ற ரயில், யாரோ பின்னால் எட்டி உதைத்தது போலக் கிளம்பி, சுவரில் மோதியது போல நின்றது. அரங்கில் சிரிப்பு. உடனே திருத்திய காட்சியைப் போட்டார். இப்போது ரயில் கனமாக, மெல்ல நகர்ந்து, வேகம் பிடித்து, தளர்ந்து நின்றது. சிரிப்பு அடங்கிவிட்டது.

இந்தத் திருத்தத்தில் அடியேனுக்கும் சிறு பங்கு உண்டு. முதல் முறை பையன்கள் ஒவ்வொரு படத்துக்கும் சரியாக 10 மில்லிமீட்டர் நகர்த்தியிருந்தார்கள். ஸ்கேல் வைத்து அளந்து, மிகவும் நேர்மையாக! அங்கேதான் கோளாறு. சம தூரம் என்றால் சம வேகம். அதாவது முதல் படத்திலேயே ரயில் முழு வேகத்தில் இருக்கிறது. மின்சார எஞ்சின் பராமரிப்பில் முப்பது ஆண்டுக்கு மேல் காலம் தள்ளியவன் நான். எந்த டிரைவரும் எடுத்த உடனே கடைசி நாட்சுக்குப் போகமாட்டார். "கனமான பொருள் மெதுவாகத்தாண்டா கிளம்பும்" என்று பேரனிடம் சொல்லி, ஒரு பட்டியல் போட்டோம்.

முதல் மூன்று படங்களுக்கு 1 மி.மீ., அடுத்த மூன்றுக்கு 2 மி.மீ., இப்படியே ஏறி கடைசி மூன்றுக்கு 10 மி.மீ. மொத்தம் 30 படங்கள், இரண்டரை விநாடி. அதற்குள் ரயில் போன தூரம் 165 மி.மீ.தான். நிற்கும்போது இதே பட்டியல் தலைகீழாக. மேஜையில் ஓட வேண்டிய தூரம் 1,200 மி.மீ. இரு முனையையும் கழித்தால் நடுவில் 870 மி.மீ., 10 மி.மீ. வீதம் 87 படங்கள். ஆக 147 படங்கள், பன்னிரண்டேகால் விநாடி. காமிராவுக்குத் தெரியாத பக்கத்தில், தண்டவாள ஓரமாகக் கோடு போட்ட காகிதத்தை ஒட்டிக்கொண்டு பையன்கள் வேலையை முடித்தார்கள். அட்டை அதே அட்டைதான். எடை வந்தது இடைவெளியால். இதை டீச்சர் இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்துக் காட்டி, நான்கே வாக்கியத்தில் விளக்கிவிட்டார்.

நிற்க. இனி என் தவறைச் சொல்ல வேண்டும். திருத்திய காட்சியிலும் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, காட்சி போகப் போக இருட்டிக்கொண்டே வந்தது. ஜன்னலை மூடாமல், மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறரை வரை எடுத்திருந்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் சாய்ந்த வெயில், பன்னிரண்டு விநாடிக்குள் சுருங்கித் திரையில் தெரிந்தது. இரண்டு, நடுநடுவே வெளிச்சம் மின்னி மின்னி மறைந்தது. செல்போன் காமிரா ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைத் தானே கூட்டிக் குறைத்துக் கொண்டது ஒரு காரணம். அதைப் பூட்டி வைக்க வேண்டும். இன்னொரு காரணம் நான்! ஆர்வக்கோளாறில் மேஜைப் பக்கம் போய்ப் போய் எட்டிப் பார்த்தேன். என் வெள்ளைச் சட்டை வெளிச்சத்தைத் திருப்பி ரயில் மேல் அடித்தது. இந்த வேலைக்குக் கறுப்புச் சட்டைதான் உத்தமம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சீராக இருட்டினால் சூரியன், தாறுமாறாக மின்னினால் காமிராவோ சட்டையோ என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு படத்தில் பையன் ஒருவனின் விரலும் விழுந்திருந்தது. திரையிடலுக்கு நான்கு நாள் முன்பு டீச்சரைப் பார்த்து, "எங்கள் வீட்டிலேயே, ஜன்னலை அடைத்து, நான் கூட இருந்து புதிதாக எடுத்துத் தருகிறேன்" என்றேன். அவர், "வேண்டாம் சார். அப்போது அது உங்கள் படமாகிவிடும்" என்று மறுத்துவிட்டார். எனக்குக் கோபம்தான். முதல் திரையிடல், நாலு பேர் சிரிக்கப் போகிறார்களே என்ற கவலை.

அன்று மேடையில் அவர் அதையும் மறைக்கவில்லை. "ஒரு படம் இருட்டும். ஏன் என்று அதை எடுத்தவர்களுக்குத் தெரியும், படம் முடிந்ததும் கேளுங்கள். ஓரிடத்தில் ஒரு விரல் வரும், கண்டுபிடியுங்கள்" என்றார். அவ்வளவுதான். கேலி செய்ய வந்தவர்கள் விரலைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்! முடிந்ததும் இரண்டு பெற்றோர்கள் என் பேரனிடம் வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டார்கள். எட்டு வார்த்தைக்கு மேல் பேசாத பையன், ஐந்து நிமிடம் விளக்கினான். நான் வீட்டில் புதிதாக எடுத்துக் கொடுத்திருந்தால், அவனிடம் கேட்க என்ன இருந்திருக்கும்? பதில் சொல்ல அவனுக்குத்தான் என்ன தெரிந்திருக்கும்?

ஒரு விஷயத்தில் மட்டும் டீச்சரோடு எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். எட்டாவது படம் வரும்போது பலருக்குப் பாதி மறந்துவிட்டது. ஒவ்வொரு படத்துக்கு முன்னும், அதை எடுத்த பிள்ளைகளில் ஒருவரே அரை நிமிடம், "எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது இது" என்று சொல்லியிருக்கலாம்.

நம் சங்க ஆண்டு விழாவிலும் குழந்தைகள் நிகழ்ச்சிக்கு முன் நாம் அறிமுக உரை ஆற்றுகிறோம். அதில் பாதி நேரம் பிரமுகர்களுக்கும், மீதி "குழந்தைகள், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்ற மன்னிப்புக்கும் போய்விடுகிறது. பொறுத்துக்கொள்ளச் சொன்னால் சபை பொறுத்துக்கொள்ளும், பார்க்காது. எதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் பார்க்கும். அடுத்த விழாவில் இந்த அட்டை ரயிலைத் திரையிட அனுமதி கேட்டுச் செயலாளருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். தோற்ற காட்சியும் சேர்த்துத்தான். அறிமுகம் பேரன் பேசுவான். நான் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.