சாவியோடு ஒரு கடிதமும்!

ஆறு மாதம் மதுரை அலுவலகத்தில் வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள். நங்கநல்லூரில் நான் குடியிருக்கும் வீட்டைக் காலி செய்ய மனசில்லை. தனியாக இருக்கும் பெண்ணுக்கு சென்னையில் வீடு கிடைப்பதற்குள் எத்தனை கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அதனால், முதல் வேலைக்காகத் தென்காசியிலிருந்து வரும் தோழியின் தங்கைக்கு வீட்டை உள்வாடகைக்கு விட்டிருக்கிறேன். நான் குடிவந்தபோது, முன்பு இருந்தவர் சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாவது நாள் காலை, தலை நிறைய ஷாம்புவோடு குழாயைத் திறந்தால் 'புஸ்'ஸென்று காற்றுதான் வந்தது. அவளுக்கும் அப்படி ஆகக் கூடாது என்று ஃபிரிட்ஜ் கதவில் ஒரு கடிதம் ஒட்டியிருக்கிறேன். வாடகை வீட்டில் இருக்கும் உங்களுக்கும் இது உதவலாம்.

அன்புத் தங்கைக்கு,

முதலில் தண்ணீர். மொட்டை மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றுதான் மூன்று வீட்டுக்கும். கீழே ஹவுஸ் ஓனர் தாத்தாவும் பாட்டியும், முதல் மாடியில் ஐந்து பேர், இரண்டாவது மாடியில் நீ. மோட்டார் சுவிட்ச் தாத்தா கையில். காலை 6 மணிக்கு ஒரு முறை, மாலை 5 மணிக்கு ஒரு முறை போடுவார். நடுவில் தீர்ந்துவிட்டால் யாராவது கீழே இறங்கிப்போய்ச் சொல்ல வேண்டும்.

ஆயிரம் லிட்டர் நிறைய என்று நினைத்துவிடாதே. ஆளுக்கு இரண்டு பக்கெட் என்றால் எட்டுப் பேருக்குக் குளிக்க மட்டும் சுமார் 320 லிட்டர். வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் தலைக்குளியல். ஆளுக்கு நாலு பக்கெட்டாகி அதுவே 640 ஆகிவிடும். டாய்லெட் ஃப்ளஷுக்கு 150 லிட்டர் வைத்துக்கொள். மீதி இருநூறு லிட்டரில்தான் மூன்று வீட்டுப் பாத்திரமும் கழுவியாக வேண்டும். நான் வந்த முதல் வெள்ளிக்கிழமை, இது தெரியாமல் ஏழரை மணிக்கு வாஷிங் மெஷினைப் போட்டேன். நம் மெஷின் ஒரு முறை ஓட நூறு லிட்டராவது வேண்டும். எட்டேகாலுக்கெல்லாம் தொட்டி காலி. முதல் மாடி அக்கா பையனை சோப்பு நுரையோடு நிறுத்திவிட்டு, என் கதவைத் தட்டினார். அன்றிலிருந்து சனிக்கிழமை மாலை, மோட்டார் ஓடி முடித்த பிறகுதான் துவைக்கிறேன். நீயும் அப்படியே செய்.

தண்ணீர் தீரப்போவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி இல்லை. தொட்டி மேலே இருப்பதால், கடைசி வரைக்கும் ஓரளவு நன்றாகவே வந்து திடீரென்று நின்றுவிடும். அதனால் தினமும் ஆறரைக்கு ஒரு பக்கெட் பிடித்து வைத்துவிடு. மின்வாரியம் பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து மின்சாரம் நிறுத்தும் நாளில் இரண்டு பக்கெட். அன்று கரன்ட் வரும் வரை மோட்டார் ஓடாது.

தொட்டி காலியாகி மறுபடி நிரம்பிய பிறகும் குழாயில் தண்ணீர் வராமல் விக்கி விக்கிக் காற்று வந்தால் பயப்படாதே. காலியான குழாயில் காற்று புகுந்து, வளைவுகளில் அடைத்துக்கொள்கிறது. தொட்டி நம் ஷவருக்கு ஏழெட்டு அடி மேலேதான் இருக்கிறது. அந்த உயரத்துக்கு அழுத்தம் குறைவு என்பதால் காற்றைத் தள்ள முடியாது. கீழ் வீட்டில் இந்தத் தொந்தரவே கிடையாது. முதலில், பாத்ரூமில் பக்கெட் வைக்கும் தாழ்வான குழாயை முழுசாகத் திறந்து விடு. அதில் ஒழுங்காகத் தண்ணீர் வந்த பிறகு வாஷ்பேசின், கடைசியாக ஷவர். கீசர் குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறதா என்று பார்க்காமல் கீசர் சுவிட்சைப் போடவே போடாதே. உள்ளே தண்ணீர் இல்லாமல் சூடானால் காயில் போய்விடும். நான் ஒரு காயில் வாங்கிப் போட்டாகிவிட்டது.

அடுத்து, தாத்தா. நல்ல மனிதர், ஆனால் வாட்ஸ்அப் பார்க்க மாட்டார். எதுவாக இருந்தாலும் போன் செய். பகல் 2 மணியிலிருந்து 4 மணி வரை தூங்குவார், அப்போது வேண்டாம். ரிப்பேர் சொன்னால், "பையன்கிட்ட கேக்கணும்மா" என்பார். அப்படிச் சொன்னால் ஒரு வாரத்தில் வேலை நடக்கும். "பாப்போம்" என்றால் நடக்காது, பாட்டியிடம் சொல். கேட்டை இரவு பத்தரைக்குப் பூட்டிவிடுவார். நைட் ஷிஃப்ட் இருந்தால் மாலையிலேயே சொல்லிவிடு, உள்பூட்டு போடாமல் வைப்பார். ஞாயிற்றுக்கிழமை "டேங்க் பாக்க வந்தேன்" என்று சொல்லாமல் வந்து நிற்பார். நம் ஊர் வாடகைச் சட்டப்படி, வீட்டுக்குள் வர வேண்டுமானால் 24 மணி நேரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். நான் சண்டை போடவில்லை. "தாத்தா, முந்தின நாளே ஒரு போன் பண்ணிடுங்களேன், நான் வீட்ல இருக்கேன்" என்றேன். இப்போது பண்ணுகிறார்.

சுவரில் ஆணி அடிக்காதே. ஹால் ஜன்னல் பக்கத்தில் இருக்கும் ஈரத் திட்டு நான் வரும்போதே இருந்தது. நீ உள்ளே வந்த அன்றே அந்தச் சுவரையும், சப்-மீட்டர் ரீடிங்கையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. நீ போகும்போது, யார் கணக்கு எது என்பதில் நமக்குள் மனக்கசப்பு வராது.

கடைசியாக ஒன்று. உன்னை என் சித்தி மகள் என்று சொல்லிவிடும்படி நாலு பேர் யோசனை சொன்னார்கள். "கெஸ்ட்னு சொல்லிடு, யாரு கேக்கப் போறா?" என்றார் ஆபீஸ் அண்ணன் ஒருவர். எனக்கும் ஒரு வாரம் அதுதான் சுலபமாகப் பட்டது. ஆனால் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில், வீட்டுக்காரரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது. பொய் வெளியே வந்தால் எனக்கு வீடு போகும். நீயோ ஊருக்குப் புதுசு, பெட்டியோடு தெருவில் நிற்பாய். அதனால் தாத்தாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். "பையன்கிட்ட கேக்கணும்மா" என்றார். எனக்கு அர்த்தம் தெரியும், காத்திருந்தேன். எட்டாவது நாள் கூப்பிட்டார். உன் பெயர், ஆறு மாதம், வாடகை மூன்றையும் எழுதிய துணை ஒப்பந்தத்தில் தாத்தாவும் நானும் கையெழுத்துப் போட்டோம். நகல் பீரோ மேல் தட்டில் இருக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்காதே. உன் அட்வான்ஸ் என்னிடம் இருக்கிறது, தாத்தாவிடம் இல்லை. திருப்பித் தர வேண்டியது நான்தான். வாடகையையும் 3-ம் தேதிக்குள் எனக்கு அனுப்பு. நான் 5-ம் தேதி காலை அவருக்கு அனுப்புவேன். மத்தியானம் தாண்டினால் தூக்கம் போய்விடும் அவருக்கு.

நீ வருவது வியாழக்கிழமை இரவு. மறுநாள் வெள்ளி. ஆறு மணிக்கு மோட்டார் சத்தம் கேட்டதும் எழுந்து குளித்துவிடு.

அன்புடன்,
அக்கா