நாலு நட்சத்திரம் குடுக்கிற நியாயவான்களுக்கு



ஊரில் ஓ/எல் எழுதின எல்லாருக்கும் தெரியும், 75 எடுத்தால் ஏ. நூற்றுக்கு 80 எண்டால் அம்மா பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வருவா. லண்டனில் ஊபர் ஓட்டுகிற சாரதிக்கு இந்தக் கணக்குச் செல்லாது. 2016இல் லண்டன் தொழில் தீர்ப்பாயத்தில் வெளிவந்த விபரம் இது: 200 பயணங்களுக்கு மேல் ஓடிய ஒரு சாரதியின் சராசரி 4.4க்குக் கீழே இறங்கினால், ‘தரத் தலையீடு’ என்ற அழகான பெயரில் படிப்படியாக நடவடிக்கை தொடங்கும். சராசரி திரும்ப ஏறாவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். அமெரிக்காவில் இந்த எல்லை 4.6 எண்டு 2015இல் கசிந்த உள் ஆவணங்கள் காட்டின.

ஐந்துக்கு 4.4 எண்டால் நூற்றுக்கு 88. ‘நல்லம், பிழை சொல்ல ஒண்டுமில்லை’ எண்டு நினைத்து எல்லாப் பயணிகளும் நாலு நாலாகக் குடுத்தால் அந்த ஆளின் சராசரி 4. வேலை போச்சு. ஒருத்தரும் அவரில் குறை காணவில்லை, ஆனாலும் போச்சு.

இதை எங்கள் கூட்டங்களில் சொன்னால் உடனே ஒரு தோழர் எழும்புவார். “நான் எல்லாருக்கும் அஞ்சு குடுக்கமாட்டன். அது பொய். நான் நேர்மையா மார்க்ஸ் போடுறன்.” கேட்க நல்லாயிருக்கு. ஆனால் அவர் தன்னை ஒரு பரீட்சகர் எண்டு நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்தத் திரை அவருக்குக் குடுத்திருக்கிற வேலை அதுவல்ல. அவர் ஒரு மேற்பார்வையாளர், அதுவும் சம்பளம் இல்லாத மேற்பார்வையாளர்.

இது எங்கள் இடதுசாரிக் கற்பனை இல்லை. 2021 பெப்ரவரி 19ஆம் திகதி பிரித்தானிய உச்ச நீதிமன்றம் ஊபர் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது இந்த நட்சத்திரங்களைப் பற்றியும் சொன்னது. வேறு தளங்களில் மதிப்பீடு வாடிக்கையாளருக்கு உதவுகிறது. விடுமுறைக்கு ஒரு வீடு எடுக்கிற ஆள் மதிப்பெண்ணைப் பார்த்து, கூடக் காசு குடுத்து நல்லதை எடுக்கலாம். ஊபரில் நீங்கள் சாரதியைத் தேர்வதில்லை. 4.9 ஆளுக்குக் கூடின கட்டணமும் இல்லை, 4.5 ஆளுக்குக் கழிவும் இல்லை. ஆகவே அந்த எண் கொம்பனியின் உள் உபயோகத்துக்கு மட்டும்தான்: வேலையைக் கண்காணிக்க, ஆளை நிறுத்த. வேலைத்தளத்தில் ஒருவர் இன்னொருவருக்குக் கீழ்ப்பட்டிருப்பதன் பழைய அடையாளம் இது எண்டு நீதிபதிகள் கண்டார்கள். சாரதிகள் சுயதொழில் செய்பவர்கள் அல்ல, தொழிலாளர்கள் எண்டு அவர்கள் முடிவெடுத்ததற்கான காரணங்களில் இதுவும் ஒன்று.

இப்ப கணக்கை ஒருக்கால் போட்டுப் பார்ப்பம். ஊபர் கடைசி 500 மதிப்பீடுகளின் சராசரியைத்தான் எடுக்கிறது. அதில் 300 பேர் நாலும் 200 பேர் அஞ்சும் குடுத்தால் சராசரி சரியாக 4.4. ஒரு அஞ்சு உதிர்ந்து இன்னுமொரு நாலு விழுந்தால் கீழே. இந்த 500 பேரில் ஒருத்தர் கூடக் கோபத்தோடு இறங்கவில்லை எண்டதைக் கவனியுங்கோ.

ஏறுறது இன்னும் கஷ்டம். 4.3இல் நிற்கிற ஒருவர் 4.4க்கு வரவேணும் எண்டு வைப்பம். புதிசாக ஒரு அஞ்சு வரும்போது பழையதில் ஒண்டு உதிரும். உதிர்வதும் சராசரியாக 4.3 எண்டால், ஒவ்வொரு அஞ்சும் கூட்டுத்தொகையை 0.7 மட்டும்தான் உயர்த்தும். தேவை 50. அப்ப ஒரு நாலும் இடையில் விழாமல் கிட்டத்தட்ட 72 பேர் வரிசையாக அஞ்சு குடுக்கவேணும். இரண்டு பேரில் ஒருத்தர்தான் மதிப்பிடுகிறார் எண்டால் அது 144 பயணம். ஈஸ்ட் ஹாமில் கலியாண வீடு முடிந்து, சேலை கசங்கின எரிச்சலில் ஏறுகிற சனத்தையும் சேர்த்துத்தான்.

அந்த எரிச்சல் எதைப் பற்றியது எண்டும் கேட்கவேணும். பாதையை அப் சொல்கிறது. விலையை அப் வைக்கிறது. மழை பெய்யிற சனிக்கிழமை இரவு கட்டணம் இரட்டிப்பானால் அதைச் சாரதி தீர்மானிக்கவில்லை. ஏற்றுகிற இடத்தின் புள்ளி வீதிக்கு மற்றப்பக்கம் விழுந்தால் அதுவும் அவருடைய பிழை இல்லை. ஆனால் நாலு விழுகிறது அவருடைய பெயரில்.

நிறத்தை விட்டுவிட்டு இதைப் பேச ஏலாது. 2025இல் நேச்சர் ஆய்விதழில் ஒரு ஆய்வு வந்தது. வட அமெரிக்காவில் வீட்டுத் திருத்த வேலைகளுக்கு ஆள் அனுப்புகிற ஒரு தளத்தின் உண்மையான பதிவுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஐந்து நட்சத்திர முறை இருந்தபோது வெள்ளையர் அல்லாத தொழிலாளருக்குக் கொஞ்சம் குறைந்த மதிப்பெண் விழுந்தது. அந்தக் கொஞ்சம் சம்பளத்தில் பிரதிபலித்தது: அதே வேலைக்கு வெள்ளையர் ஒரு டொலர் எடுத்தால் இவர்கள் 91 சதம். பிறகு தளம் பெருவிரல் மேலே, பெருவிரல் கீழே எண்டு இரண்டே தெரிவுக்கு மாறியது. இடைவெளி இல்லாமல் போனது.

ஏன்? அப்பட்டமான இனவாதி எந்த முறையிலும் கீழேதான் அழுத்துவான். ஐந்து நட்சத்திரம் இடம் குடுப்பது மற்ற ஆளுக்கு: தான் நியாயமானவர் எண்டு நம்பிக்கொண்டே, ‘ஏதோ ஒண்டு சரியில்லை’ எண்ட உணர்வோடு அஞ்சை நாலாக்குகிறவருக்கு. அந்த ‘ஏதோ’ என்ன எண்டு கேட்டால் அவருக்கே தெரியாது. உச்சரிப்பு, தாடி, பெயர், காருக்குள் வந்த மணம். ‘வேலை சரியா முடிஞ்சுதா?’ எண்டு கேட்டால் அந்த உணர்வுக்கு ஒதுங்க இடமில்லை. எங்கட சனமும் இதைச் செய்கிறதுதான். சோமாலியச் சாரதியைப் பற்றி, வங்காளியைப் பற்றி எங்கள் வீட்டு வரவேற்பறைகளில் என்ன கதைக்கிறார்கள் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அப்ப எல்லாருக்கும் அஞ்சு போட்டால் பிரச்சினை முடிஞ்சுதா? இல்லை. ஆனாலும் நான் போடச் சொல்கிறேன். ‘நேர்மை’ தோழர் சொல்கிறதில் ஒரு பாதி உண்மை இருக்கு: மதிப்பெண் வீங்கிக்கொண்டே போகிறது. ஃபிலிப்பாஸ், ஹோர்ட்டன், கோல்டன் என்ற மூன்று ஆய்வாளர்கள் இணையவழி வேலைச் சந்தை ஒன்றின் பல வருடப் பதிவுகளைப் பார்த்தார்கள். வேலை குடுத்தவர்கள் வெளிப்படையாகப் போட்ட மதிப்பெண் வருடத்துக்கு வருடம் ஏறியது. அதே ஆட்களிடம் தொழிலாளிக்குக் காட்டாமல் தனியாகக் கேட்டபோது அப்படி ஏறவில்லை. பிறகு அந்தத் தனி மதிப்பெண்ணையும் தொகுத்து மற்ற முதலாளிகளுக்குக் காட்டத் தொடங்கினார்கள். உடனே அதுவும் வீங்கத் தொடங்கியது.

ஒரு எண்ணுக்குப் பின்னால் ஒருத்தருடைய சாப்பாடு தொங்குகிறது எண்டு தெரிந்தால் பெரும்பாலான மனிசருக்குக் குறைத்துப் போட மனம் வராது. வீக்கத்தைத் தொடக்கினது எங்கள் இரக்கம் எண்டு இதைப் படிக்கிறவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. தண்டனையை அந்த எண்ணோடு கட்டினது கொம்பனி. வீக்கம் அதற்குச் சனம் குடுத்த பதில். ஆனால் எல்லாரும் அஞ்சுக்குப் போனால் நாலு இன்னும் கூர்மையான கத்தியாகிவிடுகிறது. எல்லைக் கோட்டை மேலே தூக்கக் கொம்பனிக்கு ஒரு நிமிசம் போதும். அதனால் அஞ்சு அழுத்துவதை ஒரு போராட்டம் எண்டு முகநூலில் போடாதேங்கோ. அது குறைந்தபட்ச மரியாதை, அவ்வளவுதான்.

மதிப்பிடாமல் விடுகிறதும் நடுநிலை இல்லை. திருப்தியான ஆட்கள் போனைப் பைக்குள் வைத்துவிட்டுப் போனால், அந்த 500இல் மிஞ்சுவது கோபக்காரர்கள்.

இன்னொரு கேள்வி, இது முக்கியமானது. பெண் தோழர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள்: “தொல்லை குடுத்த ஆளுக்கும் அஞ்சா?” ஒருநாளும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் நட்சத்திரம் உங்களுக்கு என்ன செய்கிறது எண்டு பாருங்கோ. 4.9இல் இருக்கிற ஒருவருக்கு, உதிர்வது ஒரு அஞ்சு எண்டால், உங்கள் ஒற்றை நட்சத்திரம் 500இல் 0.008ஐக் குறைக்கும். அவர் 4.892. அடுத்த பயணியாக இன்னொரு பெண் ஏறுவா. நாலு நாலாக வாங்கின நல்ல மனிசனை வீட்டுக்கு அனுப்புகிற அதே சராசரி, ஆபத்தான ஆளை உள்ளே ஒளித்து வைக்கிறது. ஆகவே ஆபத்து, தொல்லை, குடித்துவிட்டு ஓட்டுதல், இனத் தூசணம் எண்டால் நட்சத்திரத்தோடு நிற்கக்கூடாது. அப்பின் பாதுகாப்புப் பகுதியில் எழுத்தில் முறையிடுங்கோ. வாடகைக் கார்ச் சாரதிக்கு உரிமம் குடுப்பது லண்டன் போக்குவரத்து அமைப்பு டிஎஃப்எல். அங்கும் முறையிடலாம். குற்றம் எண்டால் பொலிஸ். பயணப் பற்றுச்சீட்டை அழிக்காதேங்கோ. எழுதும்போது நேரம், இடம், என்ன சொன்னார், என்ன செய்தார் எண்டு எழுதுங்கோ. ‘அவற்ர போக்குச் சரியில்லை’ எண்டு எழுதினால் அதை விசாரிக்கவும் ஏலாது, குற்றம் சாட்டப்பட்டவர் பதில் சொல்லவும் ஏலாது.

மற்றதெல்லாம், கதைக்காமல் ஓட்டினார், பாட்டுப் போட்டார், ஒரு திருப்பத்தை விட்டார், இதெல்லாம் அஞ்சு. உண்மையில் வீதியோ விலையோ பிழை எண்டால் அதைக் கொம்பனிக்கு எழுதுங்கோ, சாரதியின் நட்சத்திரத்தில் எழுதாதேங்கோ.

இனி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தொடாத இடம். அது குடுத்த ‘தொழிலாளர்’ நிலையோடு குறைந்தபட்சச் சம்பளமும் சம்பளத்தோடு விடுமுறையும் வருகிறது. நியாயமற்ற பணிநீக்கத்துக்கு எதிரான உரிமை வராது, அது ‘ஊழியர்’ எண்டவருக்கு மட்டும். நட்சத்திரம் ஒரு ஒழுக்காற்றுக் கருவி எண்டு நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே சொன்ன பிறகும், அந்தக் கருவியால் வெட்டப்பட்டவர் தீர்ப்பாயத்துக்குப் போய் ‘என்னை அநியாயமா நிப்பாட்டினாங்கள்’ எண்டு கேட்க அந்த நிலை இடம் குடுக்கவில்லை. எங்கள் கோரிக்கை இந்த ஓட்டையிலதான் நிற்கவேணும்: சராசரியை மட்டும் வைத்து ஒருத்தரையும் நிறுத்தக்கூடாது. முறைப்பாடு என்ன எண்டு சாரதிக்குச் சொல்லவேணும். பதில் சொல்ல நேரம் குடுக்கவேணும், பக்கத்தில் சங்கத்து ஆள் இருக்கவேணும்.

இப்பவே செய்யக்கூடிய ஒண்டும் இருக்கு. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி எந்தச் சாரதியும் தன்னைப் பற்றிக் கொம்பனி வைத்திருக்கிற தரவைக் கேட்கலாம். காசில்லை, வழமையாக ஒரு மாதத்துக்குள் பதில் தரவேணும். கணக்கு மூடப்பட்ட சில சாரதிகள், லண்டன்காரர் உட்பட, இந்த வழியால் போய் 2023 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ஊபருக்கு எதிராக வென்றார்கள். அது மோசடிக் குற்றச்சாட்டுப் பற்றின வழக்கு, நட்சத்திரம் பற்றினது அல்ல. ஆனால் மனிதர் ஒருவர் பார்த்துத்தான் முடிவெடுத்தோம் எண்டு கொம்பனி சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. உங்கள் மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணை ஊபர் ஓட்டுகிறார் எண்டால், கணக்கு மூடுகிற வரைக்கும் காத்திருக்காமல் இந்தக் கிழமையே அவரோடு இருந்து அந்த விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் எழுதிக் குடுங்கோ. அரை மணித்தியால வேலை.