கைப்பிடிக்குள் ஒட்டிக்கொண்ட சுவர்

பொருளின் உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்கும் நிரல்கள் முழுமையை நெருங்கிவிட்டன என்று ஆய்வேடுகள் பல சொல்கின்றன. ஆனால் அவை வெட்டித் தரும் தேநீர்க் கோப்பையைக் கருஞ்சிவப்புத் தளத்தின்மீது வைத்துப் பார்த்தால், கைப்பிடியின் வளையத்துக்குள் பழைய சுவர் அப்படியே ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். இதைச் சிறு பிசகு என்று ஒதுக்குவது வழக்கம். பிசகு அளவுகோலிலேயே இருக்கிறது என்பதை ஏற்க மட்டும் யாருக்கும் மனமில்லை.

கோப்பை 2,00,000 பிக்சல்களை அடைத்திருப்பதாகவும், கைப்பிடித் துளை 8,000 பிக்சல் என்றும் கொள்வோம். நிரல் துளையையும் பொருளாக எண்ணி அடைத்துவிட்டது; மற்றபடி விளிம்பெல்லாம் மிகச் சரி. இரு பரப்புகளின் வெட்டை அவற்றின் சேர்ப்பால் வகுக்கும் ஐஓயு அளவீடு இதற்கு 2,00,000 / 2,08,000, அதாவது ஏறத்தாழ 0.96 வழங்கும். கோகோ தரவுத்தொகுதியின் மதிப்பீட்டில் மிகக் கடுமையான வரம்பே 0.95தான். துளையைக் காணாத நிரல் அதிலும் தேறிவிடுகிறது! நாற்காலியின் முதுகுச் சட்டங்களுக்கு இடையே உள்ள வெளி இதைவிடப் பெரிது. அங்கே மதிப்பெண் சரியும். ஆயினும் 0.5 என்ற தளர்வான வரம்பைத் தாண்ட அது தடையாவதில்லை.

குறை அளவுகோலோடு நிற்கவில்லை, பாடநூலே பிழையானது. 2014இல் வெளிவந்த கோகோவில் தனிப்பொருள்கள் பலகோணங்களாகக் குறிக்கப்பட்டுள்ளன. ஒரு பொருளுக்குப் பல பலகோணங்கள் இருக்கலாம். ஆனால் அவை ஒன்றுசேர்க்கப்படுமே தவிர, ஒன்றிலிருந்து மற்றொன்று கழிக்கப்படுவதில்லை. ‘இது துளை’ என்று சொல்ல அந்த வடிவத்தில் இடமே கிடையாது. வெளிவிளிம்பிலிருந்து மெல்லிய கீறல் ஒன்றை உள்ளே இட்டுத் துளையைச் சுற்றி வந்தால் குறிக்கலாம் என்று வாதிடுவர். உண்மைதான். ஆயிரக்கணக்கான படங்களை வரைபவரிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமா? (எதிர்மறை விகுதியே இல்லாத மொழியில் மறுப்பை எழுதச் சொல்வது போன்றது அது.)

மாணவர்கள் தம் கையாலேயே துளையைத் தொலைக்கும் இடமும் ஒன்றுண்டு:

```
cv2.findContours(mask, cv2.RETR_EXTERNAL, cv2.CHAIN_APPROX_SIMPLE)
```

இவ்வரி புற எல்லைகளை மட்டுமே திருப்பித் தரும். நிரல் துளையைச் சரியாகக் கண்டிருந்தாலும், இவ்வெல்லையை மீண்டும் நிரப்பும்போது அது மூடப்பட்டுவிடும். `RETR_CCOMP` என்று மாற்றினால் உள் எல்லைகளும் கிடைக்கும்; அவற்றைப் புற எல்லையிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

விளிம்பை ஒட்டிய பட்டையை மட்டும் ஒப்பிடும் பவுண்டரி ஐஓயு 2021இலேயே முன்வைக்கப்பட்டது. துளையின் விளிம்பும் விளிம்பே என்பதால், அடைபட்ட கைப்பிடி அங்கே மதிப்பெண்ணை இழக்கும். இருந்தும் ஆய்வேட்டு அட்டவணைகளில் பழைய எண்ணே முதல் நிரலில் அமர்ந்திருக்கிறது. அதன் அருகில் அச்சாகும் மாதிரிப் படங்களோ பெரும்பாலும் வெண்பின்னணியில் எடுத்து, வெண்தாளிலேயே ஒட்டியவை. வெள்ளைச் சுவர் ஒட்டியிருந்தால் அங்கே யார் கண்ணுக்குத் தெரியும்?